காரணம் என்ற கட்டம்

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஏற்றும் பம்பு தயாரிக்கிறது. நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் சின்னப் பெட்டி அது. அதை நான் செய்வதில்லை. செய்கிறவர்களுக்குக் கம்பெனி தருவதாகச் சொன்ன பங்குகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "கணக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் எதிராளி கொட்டாவி விடுவார், எனக்குக் கோபம் வரும்.

முழுசாக விளக்கிச் சொன்ன ஒரே ஆள் என் தம்பி. அவன் அதே கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தான். பம்புகள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் நாற்பது பேர் அவற்றை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். நீள மேசைகள், கண்ணாடிக் குழாய்கள், பம்புகளின் ஓயாத முணுமுணுப்பு. அந்த நாற்பது பேருக்கும் ஆளுக்கு ஐந்நூறு ஆப்ஷன் கொடுத்திருந்தார்கள். மூன்று வருடம் வேலையில் இருந்தால், அன்றைக்குச் சந்தையில் என்ன விலை இருந்தாலும், பழைய விலைக்கே பங்கு வாங்கிக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் ஒன்றுமில்லை.

"இன்னும் குடுக்கவே இல்லாத பங்குக்கு எப்படிக்கா செலவு எழுதறீங்க?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டான்.

"மூணு வருஷம் வேலை செஞ்சா தர்றோம்னு சொல்லியிருக்கோம்ல? அப்ப அது அந்த மூணு வருஷ வேலைக்குக் கூலி. ரொக்கமாப் போகலைன்னாலும் கூலி கூலிதான். உன் ஆப்ஷனோட மதிப்பை, குடுத்த அன்னிக்கே கணக்குப் போட்டு வச்சாச்சு. ஒண்ணுக்கு நூத்தி எண்பது. அதை முப்பத்தாறு மாசத்துக்கும் பரப்பி, மாசாமாசம் உன் பேர்ல கொஞ்சம் எழுதறேன்."

"பங்கு விலை ஏறினா?"

"ஏறினாலும் இறங்கினாலும் அந்த நூத்தி எண்பது மாறாது. எத்தனை பேர் கடைசிவரைக்கும் இருப்பாங்கங்கிறதுதான் மாறும். அதை ஒவ்வொரு தடவையும் புதுசா யோசிச்சுப் போடணும்."

"நான் பாதியில போயிட்டா?"

"அதுவரைக்கும் எழுதினது அத்தனையையும் திருப்பி எடுத்துடுவேன்."

"நான் வேலையே செய்யாத மாதிரியா?"

"கணக்குல அப்படித்தான்."

அவன் சிரித்தான். "நல்லா இருக்கே. நாங்க மருந்தைச் சொட்டு விடறோம், நீங்க செலவைச் சொட்டு விடறீங்க. நாங்க விட்டதைத் திருப்பி உறிஞ்ச முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

அவன் பெண்டாட்டி, "அண்ணி, சோறு ஆறுது. உங்க கணக்கை அப்புறம் பாருங்க" என்றாள். நான் தனி ஆள். வாடகை வீட்டில் அவர்கள் கீழே, நான் மாடியில். அந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆப்ஷன் கைக்கு வரும் நாள்வரை பொறுத்துக்கொள்ளவும், தம்பி அந்தப் பங்கை விற்று முன்பணம் கொண்டுவந்தால் வீட்டை அவனுக்கே தரவும் ஒத்துக்கொண்டிருந்தார். அதனால் அந்த நாளைத் தம்பி பெண்டாட்டி சமையலறை நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

எங்கள் நிதித் தலைவருக்கு ஆபீசில் 'ரவுண்டு' என்று பெயர். எந்த எண்ணையும் முழு எண்ணாக்கித்தான் பேசுவார். பல் வலி என்று லீவு கேட்டாலும் "அரை நாளா, முழு நாளா? முழு நாளாப் போட்டுக்கோங்க" என்பார். கெட்ட மனிதர் இல்லை. என் அப்பா படுத்திருந்தபோது மூன்று மாதம் என்னை வீட்டிலிருந்தே வேலை பார்க்கவிட்டவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆண்டு முடிவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொல்கிற ஆள் இல்லை.

"ஆப்ஷன் ஷீட்ல சோதனைப் பிரிவுக்கு எத்தனை பேர் கடைசிவரைக்கும் இருப்பாங்கன்னு போட்டிருக்கீங்க?"

"நாப்பது பேர் சார். அந்தப் பிரிவுல யாரும் போறதில்லை."

"பூஜ்யம்னு மாத்துங்க."

புரியாமல் விழித்தேன். பிறகு புரிந்தது. நாற்பது பேரும் இருக்கமாட்டார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிரிவையே மூடப்போகிறார்கள்.

"எப்ப சார்?"

"வருஷம் முடிஞ்சு அஞ்சு மாசத்துல. வேலையை வெளியாளுக்குக் குடுக்கப்போறோம். இன்னும் பேச்சுவார்த்தைதான். எதுவும் பேப்பர்ல இல்லை."

ஆப்ஷன் கைக்கு வரும் நாள் வருடம் முடிந்து ஆறாவது மாதம். ஒரே ஒரு மாதம் முன்னால் மூடுகிறார்கள். நான் அதை மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவரும் அதையேதான் நினைத்தார் போலிருக்கிறது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கம்பெனியே அனுப்பினாலும், அவங்களாப் போனாலும், கணக்குல ஒண்ணுதானே?" என்றார்.

ஒன்றுதான். அதுதான் விதி. மூன்று வருடம் வேலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏன் இல்லாமல் போனார் என்று விதி கேட்பதில்லை. போன வருட முடிவுவரை அந்த நாற்பது பேருக்காக எழுதியிருந்த பதினெட்டு லட்சத்தைத் திருப்பி எடுத்து வருமானத்தில் சேர்க்கலாம். இந்த வருடத்துக்கான பன்னிரண்டு லட்சமும் செலவில் வராது. ஆக முப்பது லட்சம், இந்த வருட லாபத்தில். அந்த வருடம் லாபம் ஒரு அளவுக்குக் கீழே போனால் வங்கி கடனைத் திருப்பிக் கேட்கும் என்பது நிதிப் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரவுண்டு தூங்கி எத்தனை நாள் ஆகியிருக்குமோ, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"சார், என் தம்பி அந்தப் பிரிவுலதான் இருக்கான்."

"தெரியும். இதை வெளியே விடமாட்டீங்கன்னும் தெரியும். வேற யாரையும் நான் கூப்பிடலை."

என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை எடுத்து அவர் மேசைமேலேயே அறைய வேண்டும்போல இருந்தது.

இடத்துக்கு வந்து ஷீட்டைத் திறந்தேன். எங்கள் ஷீட்டில் ஒரு பழக்கம் உண்டு. நாற்பது என்பதை வேறு எதுவாக மாற்றினாலும் பக்கத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த வரிக்கு அது போகவிடாது. எனக்கு முன்னால் இருந்தவர் வைத்த ஏற்பாடு. எல்லோரும் அதில் 'கடந்தகால அனுபவம்' என்று ஒரே வார்த்தையை அடித்துவிட்டுப் போவார்கள். நானும் பத்து வருடமாக அதைத்தான் அடித்தேன். அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. ரவுண்டும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். ஆனால் இந்தப் பிரிவின் கடந்தகால அனுபவம், யாரும் போகமாட்டார்கள் என்பது. அதை எழுதிப் பக்கத்தில் பூஜ்யம் போட்டால், நான் முட்டாளாகவோ மோசக்காரியாகவோதான் இருக்க முடியும். எனக்கு இரண்டிலும் விருப்பமில்லை.

பூஜ்யம் என்று போட்டேன். காரணம்: 'உரிமை கைக்கு வரும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு பிரிவை மூட நிர்வாகம் எண்ணுகிறது. எழுத்துப்பூர்வ முடிவு எதையும் நான் பார்க்கவில்லை. தயாரித்தவரின் தம்பி இந்தப் பிரிவில் பணிபுரிகிறார்.' கீழே என் கையெழுத்துக் குறி. அதை ரவுண்டுக்கு அனுப்பினேன். அவர் அந்தக் கட்டத்தைப் படிக்காமலே ஒப்புதல் கொடுத்துவிட்டார். அவர் எண்ணைத்தான் பார்ப்பார், எழுத்தைப் பார்க்கமாட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

அன்று மாலை கீழே சாப்பிடப் போனபோது தம்பி ஒரு விஷயம் சொன்னான். வேறொரு கம்பெனியில் வேலை கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் ஏறக்குறைய அதேதான், பஸ்ஸில் ஒரு மணி நேரம் அதிகம். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ஆப்ஷனுக்காகத்தான் யோசிக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள்தானே? ஆனா பிரிவுல என்னென்னமோ பேசிக்கிறாங்க. புது மிஷின் எதுவும் வாங்க மாட்டேங்கிறாங்க." தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அக்கா, இருக்கட்டுமா, போகட்டுமா?"

சின்ன வயதிலிருந்து அவன் என்ன கேட்டாலும் எனக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். எந்தக் காலேஜ், எந்த வேலை, இந்தப் பெண்ணைக் கட்டிக்கலாமா வேண்டாமா, எல்லாவற்றுக்கும். கேட்காதபோதும் சொல்வேன். அதனாலேயே என்னை 'நீதிபதி' என்று கிண்டல் பண்ணுவான். அன்றைக்கு என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. 'இரு' என்று சொன்னால் பொய். 'போ' என்று சொன்னால் நம்பிக்கைத் துரோகம். அது ஊர் முழுக்கப் பரவும், வேலையும் போகும், சட்டப்படி தப்பும்கூட.

"ஆபீஸ் விஷயத்தை என்கிட்ட கேட்காதேடா" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. "சரிக்கா" என்றான். அப்புறம் மகளுடைய பள்ளிக்கூடக் கதையை ஆரம்பித்தான்.

மறுநாள் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டான். சேர்த்து வைத்திருந்த லீவை எல்லாம் கழித்துக்கொண்டு பத்தே நாளில் வெளியே வந்தான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, எந்த விதியையும் மீறவில்லை, தம்பியும் தப்பித்தான். எப்படியும் அந்த ஆப்ஷன் கிடைக்கப்போவதில்லை, வேலையாவது மிச்சமாயிற்றே. தம்பி பெண்டாட்டி மட்டும் நாட்காட்டியில் இருந்த சிவப்பு வட்டத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டாள். வீட்டுக்காரரிடம் எதையாவது சொல்லிப் பார்ப்போம், வேறு வழி பார்ப்போம் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குள் ஆடிட்டர்கள் வந்துவிட்டார்கள். ஆண்டு முடியும் முன்பே ஒரு தடவை வந்து பார்ப்பது வழக்கம். வந்தவர்களில் ஆப்ஷன் கணக்கைப் பார்ப்பது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஏன் மேடம்'. எதை எடுத்துக் கொடுத்தாலும் "ஏன்?" என்பாள். காப்பி கொடுத்தால்கூடக் கேட்பாளோ என்று பயமாக இருக்கும். அவள் பூஜ்யத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கட்டத்தைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"மேடம், இதை நீங்களே எழுதினீங்களா?"

"ஆமா."

"உங்க சார் பார்த்துட்டாரா?"

"ஒப்புதல் குடுத்திருக்கார்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முதல் தடவையாக "ஏன்" என்று கேட்காமல் எழுந்து ரவுண்டின் அறைக்குப் போனாள்.

உள்ளே நடந்தது கண்ணாடிக் கதவு வழியாகப் பாதி கேட்டது. அவள் சொன்னது நேரான விஷயம். எத்தனை பேர் இருப்பார்கள் என்பதற்கு, இன்றைக்குத் தெரிந்ததை வைத்து இருப்பதிலேயே நல்ல கணிப்பைப் போட வேண்டும். மூடுவதாக நிஜமாகவே தீர்மானம் இருந்தால் அதைப் பேப்பரில் காட்டுங்கள், பூஜ்யத்தை ஒத்துக்கொள்கிறோம். வெறும் பேச்சுதான் என்றால் நாற்பது என்று போட்டுச் செலவை எழுதுங்கள். லாபத்துக்கு மட்டும் முடிவாகிவிட்ட விஷயம், மற்ற எல்லோருக்கும் முடிவாகாத விஷயம் என்று இருக்க முடியாது.

"வாடிக்கையாளர்களுக்குத் தெரிஞ்சா ஓடிப்போயிடுவாங்கம்மா" என்றார் ரவுண்டு.

"அது எனக்குப் புரியுது சார். ஆனா ஏதாவது ஒண்ணைத்தான் நீங்க எடுத்துக்க முடியும்."

அவள் போனதும் அவர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "இதை நீங்க என்கிட்ட வாயாலேயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா சார்?"



விஷயம் கம்பெனி போர்டின் தணிக்கைக் குழுவுக்குப் போயிற்று. குழுவின் தலைவி ஒரு முன்னாள் வங்கி அதிகாரி. வெள்ளை முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. அவசரமே இல்லாத பேச்சு. கணக்குத் தயாரித்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ரவுண்டு ஒரு தீர்மான வரைவைக் கொண்டுவந்திருந்தார். வேறு வழியில்லாமல் எழுதிக் கொண்டுவந்தது. மூடும் நாள் அதில் இருந்தது.

தலைவி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆப்ஷன் கைக்கு வர்ற நாள் எது?"

ரவுண்டு சொன்னார். அறையில் இருந்த எல்லோருமே மனசுக்குள் கழித்துப் பார்த்திருப்பார்கள்.

"ஒரு மாசம்" என்றார் தலைவி. "இவங்க வேலை செய்யச் செய்ய நாம செலவு எழுதிட்டு வந்திருக்கோம். ஏன் எழுதினோம்? அந்த வேலை நமக்குக் கிடைச்சுதுன்னுதானே? இப்ப அதைத் திருப்பி எடுத்து லாபம்னு காட்டறோம். விதிப்படி செய்யலாமான்னு நான் கேட்கலை. செய்யலாம்னு தெரியும். இது நம்ம போர்டு கையெழுத்துப் போட்டு வெளியே போகணும், அதைத்தான் கேட்கறேன். இந்தத் தேதியோட போடத் தயாரா இருக்கீங்களா?"

யாரும் பேச்செடுக்காமல் விட்டிருந்தால் அது நடந்தே போயிருக்கும். பேப்பரில் இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபிறகு யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் ரவுண்டே வாயைத் திறந்தார். மூடுகிற நாள்வரை வேலையில் இருப்பவர்களுக்கு ஆப்ஷன் கைக்கு வரும் என்று நிபந்தனையை மாற்றிவிடலாம் என்றார். அப்படிச் செய்தால் செலவைத் திருப்பி எடுக்க முடியாது. கொடுத்த அன்றைய அதே மதிப்பில் மிச்சச் செலவை, பழைய நாள்வரை இல்லாமல், மூடும் நாளுக்குள் எழுதி முடிக்க வேண்டும். லாபம் குறையும். வங்கியிடம் தாமே போய்ப் பேசுவதாகச் சொன்னார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

எனக்கு அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஒரு கட்டத்தில் உண்மையை எழுதினேன், நாற்பது குடும்பத்துக்குப் பங்கு கிடைக்கிறது. உடனே அடுத்த நினைப்பு வந்தது. நாற்பது இல்லை.

"எல்லா நாப்பது பேரும் இப்ப வேலையில இருக்காங்களா?" என்று தலைவி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"முப்பத்தொன்பது பேர் மேடம். ஒருத்தர் போன மாசம் விலகிட்டார்."

"யாரு?"

"என் தம்பி."

அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அதட்டலாக இல்லை, பரிவாகத்தான் கேட்டார். "ஏன் விலகினார்?"

மூடப்போவது தெரிந்து போனான் என்று சொன்னால், அவனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். அந்த முகத்தில் அது தெரிந்தது. ஆனால் அடுத்த கேள்வி, அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது. நான் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியவைத்தேன். அதை இந்த மேசையில் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் அந்தக் கட்டத்தில் நான் எழுதிய வரியும் தம்பிக்காக எழுதியதாகிவிடும். தீர்மானமே நாறிப்போகும். மற்ற முப்பத்தொன்பது பேர் கதையும் கெட்டுவிடும்.

"வேற வேலை கிடைச்சது மேடம். அவரா விருப்பப்பட்டுப் போயிட்டார்."

"அப்ப அவர் இதுல வரமாட்டார்" என்றார் தலைவி. அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள்.

போர்டு அதை அந்த வாரமே ஏற்றுக்கொண்டது. அறிவிப்பு வெளியானது. சோதனைப் பிரிவில் சிலர் அழுதார்களாம். வேலை போகிறதே என்று ஒரு பக்கம், பங்காவது வருகிறதே என்று ஒரு பக்கம். பழைய கூட்டாளி ஒருவன் தம்பிக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நான் கீழே போனபோது அவன் அட்டைப் பெட்டியில் பாத்திரங்களைப் பேப்பர் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். மாடியையும் கீழ் வீட்டையும் சேர்த்தே விற்றுவிட்டார். நானும் பெட்டி கட்ட வேண்டியதுதான். நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"அக்கா, எல்லாருக்கும் கிடைக்குதாமே."

"ஆமாடா."

"நீதான் ஏதோ எழுதினியாமே. ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. நீதிபதின்னு சும்மாவா வச்சோம்." அவன் சிரிக்க முயன்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஒரு டம்ளரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான்.

"அன்னிக்கு நான் கேட்டப்ப, நீ 'இரு'ன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன்."

"சொல்ல முடியாதுடா. அப்ப சொல்லியிருந்தா அது பொய்."

"தெரியும். அதான் புரிஞ்சுக்கிட்டேன். எதுக்கும் பதில் சொல்லாம விடாதவ நீ. அன்னிக்கு வாயை மூடிக்கிட்டே. சரி, கப்பல் கவுந்திருச்சுன்னு இறங்கிட்டேன்." டம்ளரைப் பெட்டியில் வைத்தான். "உன்னைக் குத்தம் சொல்லலைக்கா. நிஜமாவே சொல்லலை. நீ வாயைத் திறந்து ஏமாத்தியிருந்தாத்தான் நான் இன்னிக்கு நல்லா இருந்திருப்பேன், அதை நினைச்சுத்தான் சிரிப்பு வருது."

அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "அண்ணி, சாப்பிடுங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"என் கணக்கை எழுதிட்டியா?" என்று தம்பி கேட்டான்.

"நாளைக்கு எழுதணும்."

"அப்ப திருப்பி எடுத்துடுவே. நான் வேலையே செய்யாத மாதிரி."

எனக்குப் பதில் தெரியும். அவனுக்கும் தெரியும். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை ஷீட்டைத் திறந்தேன். சோதனைப் பிரிவு: பூஜ்யத்தை எடுத்துப் பழையபடி நாற்பது போட்டேன், பிறகு அதை முப்பத்தொன்பதாக மாற்றினேன். அவன் பெயரில் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம் எழுதி வைத்திருந்தது எல்லாம் ஒரே தட்டில் சுழியானது. அவன் குளிரிலும் வெக்கையிலும் பம்பு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற வருடங்கள் அவை. ஒரு பம்பு சொட்டைத் தப்பவிட்டதைக் கண்டுபிடித்ததற்காக ஒருநாள் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தான். அதுவும் அதில்தான் இருந்தது. மற்ற முப்பத்தொன்பது பேருடைய செலவும் அசையாமல் நின்றது.

கட்டம் மின்னியது. காரணம் கேட்டது. நிரப்பாவிட்டால் அடுத்த வரிக்கு விடாது.

'கேட்டபோது அக்கா பதில் சொல்லவில்லை' என்று அடித்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு 'சொந்த விருப்பத்தில் விலகல்' என்று அடித்தேன். அடுத்த வரிக்கு விட்டது.

பிற்பகல் ஏன் மேடம் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நிபந்தனை மாற்றத்தைக் கேட்டாள், புதிய நாளைக் கேட்டாள், மிச்சச் செலவை எப்படிப் பரப்பியிருக்கிறேன் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஏன், ஏன் என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் அந்த வரிக்கு வந்தாள். ஒரே ஒரு ஆள், சின்னத் தொகை. அவள் கேட்பாள் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றே இருந்தேன்.

அவள் பச்சைப் பேனாவால் ஒரு டிக் போட்டுவிட்டு, "இது ஓகே மேடம்" என்று பக்கத்தைத் திருப்பினாள்.